60 சதவீத அடைப்பு என்றால் என்ன? சி.டி. கரோனரி ஆஞ்சியோகிராமும் கால்சியம் ஸ்கோரும்

இதயத்தின் சி.டி. ஸ்கேன் அறிக்கையில் "எல்.ஏ.டி. தமனியின் தொடக்கப் பகுதியில் 60 சதவீத அடைப்பு" என்ற வரியைப் படிப்பவர்களில் பலர், அந்தக் குழாயில் இனி 40 சதவீத இரத்தம்தான் ஓடுகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். மருத்துவரிடம் போவதற்குள் வீட்டில் அனைவரும் ஸ்டென்ட் வைக்க வேண்டுமா, எங்கே வைக்கலாம் என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த 60 என்ற எண் இரத்த ஓட்டத்தை அளந்து வந்ததன்று. ஒரு விட்டத்தை இன்னொரு விட்டத்தோடு ஒப்பிட்டு வந்தது. அது எப்படிக் கணக்கிடப்படுகிறது, எவ்வளவு பிழைக்கு இடமுள்ளது, அதை வைத்து எந்த முடிவு எடுக்கப்படுகிறது என்பதை அறிந்தால் அறிக்கையின் மற்ற வரிகளும் புரியும். கால்சியம் ஸ்கோர் மட்டும் போதுமானவர் யார், அதற்கு மேல் சி.டி. கரோனரி ஆஞ்சியோகிராம் யாருக்குத் தேவை என்ற கேள்விக்கும் அங்கிருந்தே விடை கிடைக்கும்.

முதலில் இரண்டு பரிசோதனைகளையும் பிரித்துப் பார்ப்போம். இரண்டும் ஒரே சி.டி. இயந்திரத்தில்தான் எடுக்கப்படுகின்றன, பல மையங்களில் ஒரே வருகையில் ஒன்றன்பின் ஒன்றாகவே எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அவை பார்ப்பது வெவ்வேறு பொருள்களை.

கால்சியம் ஸ்கோருக்கு ஊசி மருந்து எதுவும் வேண்டாம். இதயத் துடிப்போடு இசைத்து, ஒரு மூச்சை அடக்கும் நேரத்தில் ஸ்கேன் முடிந்துவிடும். இதயத்தைச் சுற்றியுள்ள கரோனரி தமனிகளின் சுவரில் சுண்ணாம்பு படிந்த இடங்கள் அந்தப் படத்தில் வெண்மையாகத் தெரியும். சி.டி. அடர்த்தி அளவான ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் 130-ஐத் தாண்டும் புள்ளிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் பரப்பையும் அதன் அடர்த்திக்கு ஏற்ப 1 முதல் 4 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கிக் கூட்டினால் வருவதே ஸ்கோர். ஆர்தர் அகாட்ஸ்டனும் அவருடைய குழுவினரும் 1990-இல் வெளியிட்ட இந்த முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பூஜ்யம் என்றால் சுண்ணாம்பு ஏதும் தென்படவில்லை. 100-ஐத் தாண்டினால் தமனி நோய் குறிப்பிடத்தக்க அளவில் உள்ளது. 400-க்கு மேல் போனால் படிவு மிக அதிகம் என்பது பொதுவான புரிதல்.

இந்த ஸ்கோர் எதைச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தமனியின் உட்புறத்தில் இரத்தம் ஓடும் வழி எவ்வளவு குறுகியிருக்கிறது என்பது இதில் தெரியாது, ஏனென்றால் சாய மருந்து இல்லாத படத்தில் இரத்தமும் தமனிச் சுவரும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். சுண்ணாம்பு சேராத மென்மையான கொழுப்புப் படிவும் அதே சாம்பலுக்குள் மறைந்துவிடும். ஸ்கோர் 300 உள்ள ஒருவருக்கு எந்த இடத்திலும் பெரிய குறுகல் இல்லாமல் இருக்கலாம். ஸ்கோர் பூஜ்யமான ஒருவருக்கு ஒரே இடத்தில் பாதிக்கு மேல் குறுகியும் இருக்கலாம்.

சி.டி. கரோனரி ஆஞ்சியோகிராமில் முழங்கை மடிப்பிலுள்ள சிரை வழியாக அயோடின் கலந்த சாய மருந்து, நொடிக்கு 5 மில்லிலிட்டர் அளவில் வேகமாகச் செலுத்தப்படுகிறது. மருந்து கரோனரி தமனிகளை அடையும் அந்தச் சில நொடிகளில் ஸ்கேன் எடுக்க வேண்டும். அப்போது இரத்தம் ஓடும் வழி வெண்மையாகவும், சுவரிலுள்ள மென்படிவு கருஞ்சாம்பலாகவும், சுண்ணாம்பு மிகு வெண்மையாகவும் தனித்தனியே தெரியும். தொடை அல்லது மணிக்கட்டு வழியாகக் குழாய் நுழைத்துச் செய்யும் வழக்கமான ஆஞ்சியோகிராம், இரத்தம் ஓடும் வழியின் நிழலை மட்டுமே காட்டும்; சி.டி. சுவரையும் சேர்த்துக் காட்டுகிறது. இந்த வேறுபாட்டின் பயன் கீழே வரும் எடுத்துக்காட்டில் தெரியும்.

படத்தின் தரம் பெரும்பாலும் ஸ்கேனுக்கு முந்தைய அரை மணி நேரத்தில் தீர்மானமாகிவிடுகிறது. இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 65 முறைக்குள் துடித்தால்தான் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே தமனி போதிய நேரம் அசையாமல் நிற்கும். ஆகவே பலருக்கு மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மருந்து கொடுத்துத் துடிப்பைக் குறைக்கிறார்கள். ஸ்கேனுக்குச் சற்று முன் நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் கொடுத்துத் தமனிகளை விரியச் செய்கிறார்கள். இந்த மருந்தோடு ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டாடலாஃபில் வகை மாத்திரைகள் சேர்ந்தால் இரத்த அழுத்தம் அபாயமான அளவுக்கு விழக்கூடும் என்பதால், அவற்றை அண்மையில் எடுத்திருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களும், முன்பு சாய மருந்தால் ஒவ்வாமை வந்தவர்களும், ஆஸ்துமா உள்ளவர்களும் ஸ்கேனுக்கு நாள் குறிக்கும்போதே அதைத் தெரிவிக்க வேண்டும்.

சதவீதம் எப்படி வருகிறது

இனி ஒருவரின் அறிக்கையை எடுத்துக்கொண்டு கணக்கைப் பார்க்கலாம். விளக்கத்துக்காக அமைத்த எடுத்துக்காட்டு இது. ஆயினும் இத்தகைய அறிக்கைகள் அரிதானவை அல்ல. 46 வயது ஆண், புகை பிடிப்பவர், தந்தைக்கு 50 வயதுக்குள் மாரடைப்பு வந்தது, இரண்டு மாதங்களாக மாடிப்படி ஏறும்போது நெஞ்சின் நடுவில் ஓர் இறுக்கம் வந்து, நின்றால் சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. அவருடைய கால்சியம் ஸ்கோர் பூஜ்யம். அதைக் கேட்டதும் அவர் நிம்மதி அடைகிறார். ஆனால் மருத்துவர், இந்த அறிகுறி இருக்கும்போது ஸ்கோரோடு நிறுத்த முடியாது என்று சொல்லி ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்கிறார்.

படத்தில் எல்.ஏ.டி. எனப்படும் இடது முன் இறங்கு தமனியின் தொடக்கப் பகுதியில் சுண்ணாம்பே இல்லாத ஒரு மென்படிவு தெரிகிறது. கதிரியல் மருத்துவர் முதலில் படிவுக்குச் சற்று மேலே, சுவர் இயல்பாக உள்ள இடத்தில், இரத்தம் ஓடும் வழியின் விட்டத்தை அளக்கிறார்: 3.6 மில்லிமீட்டர். படிவுக்குச் சற்றுக் கீழே அது 3.2 மில்லிமீட்டர். தமனி கீழே போகப்போக இயல்பாகவே மெலியும் என்பதால் இரண்டின் சராசரியான 3.4 மில்லிமீட்டரை இயல்பான விட்டமாகக் கொள்கிறார். குறுகல் மிக அதிகமான இடத்தில் எஞ்சியுள்ள விட்டம் 1.4 மில்லிமீட்டர்.

```
(3.4 − 1.4) ÷ 3.4 × 100 = 59
```

ஏறத்தாழ 60 சதவீதம். அறிக்கையில் உள்ள எண் இப்படித்தான் வருகிறது. நடைமுறையில் அனுபவமுள்ள கதிரியல் மருத்துவர்கள் பல இடங்களில் கண்ணால் மதிப்பிட்டே ஒரு வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். ஐயமுள்ள இடத்தில்தான் கோடு போட்டு அளக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது விட்டத்தின் சதவீதம். குறுக்குவெட்டுப் பரப்பின் சதவீதம் அன்று. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகிவிடும். அதாவது 50 சதவீத விட்டக் குறுகல் என்பது 75 சதவீதப் பரப்புக் குறுகல். 70 சதவீத விட்டக் குறுகலில் பரப்பு 91 சதவீதம் குறைந்திருக்கும். ஒரே படிவை ஓர் அறிக்கை 50 என்றும் இன்னொன்று 75 என்றும் குறிப்பிட்டால், இடைப்பட்ட காலத்தில் நோய் முற்றிவிட்டது என்று அஞ்சுவதற்கு முன் இரண்டும் எதை அளந்தன என்று கேட்பது நல்லது.

பரப்பு இவ்வளவு குறைந்தும் இரத்த ஓட்டம் ஏன் அதே அளவுக்குக் குறைவதில்லை? இதயத் தசைக்குள் இருக்கும் மிக நுண்ணிய தமனிகள், மேலே தடை வரும்போது தாமாக விரிந்து ஓட்டத்தைச் சமன்செய்துவிடுகின்றன. லான்ஸ் கூல்டு என்னும் இதய மருத்துவர் 1974-இல் நாய்களிடம் செய்த சோதனைகளில், ஓய்வு நிலையில் குறுகல் ஏறத்தாழ 85 சதவீதம் வரும்வரை ஓட்டம் குறையவே இல்லை. ஆனால் இதயம் தன் முழு வேகத்தில் இரத்தம் கேட்கும் நிலையில் ஏறத்தாழ 50 சதவீதக் குறுகலிலேயே ஓட்டம் குறையத் தொடங்கியது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எதுவும் தோன்றாமல் மாடிப்படியில் மட்டும் நெஞ்சு இறுகுவதற்குக் காரணம் இதுவே. 50 சதவீதம் என்ற எல்லை இந்தத் துறையில் இவ்வளவு நிலையாக நிற்பதற்கும் இத்தகைய ஆய்வுகளே அடிப்படை.

ஆனால் அந்த எல்லைக்கு மேல் போன ஒவ்வொரு குறுகலும் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று பொருளல்ல. குறுகல் எவ்வளவு நீளமானது, அந்தத் தமனி எவ்வளவு தசைக்கு இரத்தம் கொடுக்கிறது என்பவையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. அடைப்பைத் தாண்டி அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்பதை மெல்லிய கம்பியால் நேரடியாக அளக்கும் எஃப்.எஃப்.ஆர். என்னும் முறை உண்டு; அடைப்புக்கு அப்பாலுள்ள அழுத்தம் அதற்கு முன்னுள்ள அழுத்தத்தில் 0.80 பங்கு அல்லது அதற்குக் கீழே வந்தால் அந்தக் குறுகல் உண்மையிலேயே ஓட்டத்தைத் தடுக்கிறது என்று கொள்கிறார்கள். ஃபேம் என்ற ஆய்வில், வழக்கமான ஆஞ்சியோகிராமில் 50 முதல் 70 சதவீதம் என்று தோன்றிய குறுகல்களை இப்படி அளந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் அந்த எல்லைக்குக் கீழே வந்தது. 71 முதல் 90 சதவீதம் வரை தோன்றியவற்றில் ஐந்தில் நான்கு வந்தன. நம் எடுத்துக்காட்டில் உள்ள 60 சதவீதம் நிற்கும் இடம் இந்த நடுப்பகுதி. படத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாத பகுதி.

பிழை எங்கே நுழைகிறது

இன்று பரவலாகப் பயன்படும் சி.டி. இயந்திரங்கள் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். மேலே கண்ட கணக்கில் எஞ்சிய விட்டம் 1.4-க்குப் பதில் 1.1 என்று அளக்கப்பட்டிருந்தால் 68 சதவீதம் வரும், 1.7 என்றால் சரியாக 50 சதவீதம். வெறும் 0.3 மில்லிமீட்டர் வேறுபாடு, அதாவது இயந்திரம் பிரித்தறியும் எல்லைக்கும் குறைவான வேறுபாடு, எண்ணை இவ்வளவு நகர்த்துகிறது. தமனி சிறிதாக இருந்தால் நிலைமை இன்னும் கடினம். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிளையில் அதே 0.3 மில்லிமீட்டர் 15 சதவீதப் புள்ளிகளுக்குச் சமம். இதனால்தான் மிகச் சிறிய கிளைகளின் குறுகலுக்குக் கதிரியல் மருத்துவர்கள் அதிக முக்கியத்துவம் கொடுப்பதில்லை. 57 சதவீதம், 63 சதவீதம் என்று துல்லியமாக எழுதுவது படத்தில் இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுவதாகும் என்பது என் கருத்து. ஒரு வீச்சாகச் சொல்வதே நேர்மையானது. அதிகாரபூர்வமான தரவரிசையும் அப்படியே அமைந்துள்ளது.

பிழையின் இன்னொரு பெரிய மூலம் சுண்ணாம்பு. அது எக்ஸ் கதிரைக் கடுமையாகத் தடுப்பதால், நனைந்த தாளில் வைத்த மைப்புள்ளி போலப் படத்தில் தன் உண்மையான எல்லையைத் தாண்டிப் பரந்து தெரியும். அந்தப் பரவல் இரத்தம் ஓடும் வழியை மறைத்துவிடுவதால் குறுகல் உள்ளதைவிட அதிகமாகத் தோன்றும். கால்சியம் ஸ்கோர் மிக அதிகமானவர்களுக்கு, குறிப்பாக 1000-ஐத் தாண்டியவர்களுக்கு, சி.டி. ஆஞ்சியோகிராம் பல இடங்களில் தெளிவான விடை தராமல் போவது இதனாலேயே. முதலில் கால்சியம் ஸ்கேன் எடுத்து, ஸ்கோர் மிக உயர்ந்திருந்தால் ஆஞ்சியோகிராமைத் தொடர்வதா, வேறு பரிசோதனைக்குச் செல்வதா என்று அப்போதே யோசிக்கும் மையங்களும் உள்ளன. இதயம் வேகமாகத் துடித்தாலோ, நோயாளி மூச்சை விட்டுவிட்டாலோ, தமனி இரட்டையாகவோ மங்கலாகவோ தெரியும். அந்தப் பகுதியை "மதிப்பிட இயலவில்லை" என்று குறிக்க வேண்டும். அப்படிக் குறித்த அறிக்கையைக் குறையுள்ளது என்று எண்ண வேண்டாம். தெரியாததைத் தெரியாதென்று எழுதும் கதிரியல் மருத்துவரின் மற்ற வரிகளையும் நம்பலாம்.

வகுப்புகள்

அறிக்கையின் முடிவில் பல மையங்கள் ஒரு குறியீட்டை எழுதுகின்றன. நம் எடுத்துக்காட்டில் அது இப்படி இருக்கும்:

```
CAD-RADS 3/P2/HRP
```

கேட்-ராட்ஸ் என்று உச்சரிக்கப்படும் இந்த வகைப்பாடு 2016-இல் அறிமுகமாகி, 2022-இல் திருத்தப்பட்டது. ஒவ்வொரு வகுப்புக்கும் அடுத்து என்ன செய்யலாம் என்பதைச் சேர்த்தே வகுத்திருப்பது இதன் பயன். குறியீட்டின் முதல் எண், உடலிலுள்ள எல்லாக் கரோனரி தமனிகளிலும் மிக மோசமான ஒரு குறுகலுக்கு உரியது. படிவே இல்லையென்றால் பூஜ்யம். 24 சதவீதம் வரை 1, 25 முதல் 49 வரை 2. இந்த இரண்டிலும் நெஞ்சுவலிக்கு அந்தக் குறுகல் காரணமாக இருப்பது அரிது, ஆனால் நோய் தொடங்கிவிட்டது என்பது உறுதி. 50 முதல் 69 வரை 3. 70 முதல் 99 வரை 4. இதில் மூன்று முக்கியத் தமனிகளும் 70 சதவீதத்தைத் தொட்டிருந்தாலோ, இடது முதன்மைத் தமனி 50 சதவீதம் குறுகியிருந்தாலோ 4-இன் கடுமையான பிரிவில் சேர்த்து, நேரடியாக வழக்கமான ஆஞ்சியோகிராமை நோக்கிச் செல்லச் சொல்கிறார்கள். முழுதும் அடைபட்டிருந்தால் 5. இடது முதன்மைத் தமனிக்கு மட்டும் எல்லை 50-க்கு இறங்குவதற்குக் காரணம், இதயத்தின் இடப்பக்கத் தசையின் பெரும்பகுதிக்கு அந்த ஒரு சிறிய குழாய் வழியாகவே இரத்தம் போகிறது.

இரண்டாவது குறியான P, மொத்தப் படிவின் அளவு. கால்சியம் ஸ்கோரையோ, படிவு தென்படும் தமனிப் பகுதிகளின் எண்ணிக்கையையோ வைத்து 1 முதல் 4 வரை இதைத் தருகிறார்கள். நம் நபருக்கு ஸ்கோர் பூஜ்யமானாலும், ஆஞ்சியோகிராமில் மூன்று பகுதிகளில் படிவு தெரிந்ததால் P2. ஸ்கோரை மட்டும் நம்பியிருந்தால் படிவே இல்லை என்று எழுதியிருப்பார்கள்.

மூன்றாவது குறி, அபாயம் மிகுந்த தன்மையுள்ள படிவு என்பதைக் குறிக்கிறது. அவருடைய படிவின் உட்பகுதி 30 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கும் கீழான அடர்த்தியில் இருக்கிறது. அது கொழுப்பு மிகுந்த மையப்பகுதியின் அடையாளம். அந்த இடத்தில் தமனியின் வெளிச்சுவரும் வெளிப்புறமாகப் புடைத்திருக்கிறது. இத்தகைய அடையாளங்களில் குறைந்தது இரண்டு சேர்ந்திருந்தால்தான் இந்தக் குறியை இடுவார்கள். வெளிப்புறம் புடைக்கும் படிவு உள்வழியை அதிகம் குறுக்காமலே பெரிதாக வளரக்கூடும். சதவீதம் மட்டும் பார்ப்பவர் அதைச் சிறிய நோய் என்று கடந்துவிடுவார். மாரடைப்பைப் பெரும்பாலும் உண்டாக்குவது படிவின் மேல்மூடி கிழிந்து அங்கே உறையும் இரத்தம். அந்தக் கிழிசல் 40 சதவீதக் குறுகலிலும் நேரலாம். ஆகவே அறிக்கையில் சதவீதத்தை வலியோடும், படிவின் அளவையும் தன்மையையும் மாரடைப்பு அபாயத்தோடும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வகுப்பு 3-இல் அடுத்த படி, குறுகல் ஓட்டத்தைத் தடுக்கிறதா என்று பார்ப்பது. இவருக்கு, இதயத்தை வேகப்படுத்தி அல்ட்ராசவுண்டில் பார்க்கும் ஸ்ட்ரெஸ் எக்கோ எடுக்கப்படுகிறது; அப்போது அந்தத் தமனி ஊட்டும் சுவர் இயல்பாகவே சுருங்குகிறது. ஆகவே இப்போது ஸ்டென்ட் இல்லை. கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து முழு அளவில், வலிக்கு மருந்து, அவருடைய அபாயத்தையும் இரத்தக்கசிவு வாய்ப்பையும் எடைபோட்டு ஆஸ்பிரின், புகையை நிறுத்துதல் ஆகியவற்றோடு தொடர்கிறார். மருந்தை மீறி வலி கூடினாலோ, ஓய்விலும் வரத் தொடங்கினாலோ வழக்கமான ஆஞ்சியோகிராமுக்குப் போவது என்று முடிவாகிறது.

கால்சியம் ஸ்கோருக்கு மேல் யாருக்குப் பயன்

நெஞ்சில் அறிகுறி உள்ளவருக்கு, குறிப்பாக வயது குறைவானவருக்கு, என்பதே சுருக்கமான விடை. சுண்ணாம்பு என்பது படிவின் பிற்காலக் கட்டம்; பல ஆண்டுகள் வளர்ந்த படிவில்தான் அது போதிய அளவு சேர்ந்து ஸ்கேனில் தெரியும். அறிகுறியுள்ள 10,037 பேரைக் கொண்ட கன்ஃபர்ம் பதிவேட்டு ஆய்வில், ஸ்கோர் பூஜ்யமானவர்களில் 3.5 சதவீதத்தினருக்கு 50 சதவீதமோ அதற்கு மேலோ குறுகல் இருந்தது. மொத்தத்தில் இது சிறிய எண். ஆனால் வயதுவாரியாகப் பிரித்தால் நிலைமை மாறுகிறது. டென்மார்க்கில் அறிகுறியுள்ள நோயாளிகளிடம் செய்த ஒரு பெரிய ஆய்வில், குறுகல் நோய் உறுதியான 40 வயதுக்குட்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் ஸ்கோர் பூஜ்யமாக இருந்தது. 70 வயதுக்கு மேற்பட்டோரில் அது ஏறத்தாழ 5 சதவீதம். எழுபது வயதுக்காரரின் பூஜ்யத்துக்கும் நாற்பது வயதுக்காரரின் பூஜ்யத்துக்கும் உள்ள எடை வேறுபாடு இதில் தெளிவாகிறது. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிட இளம் வயதில் வருவது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியானது என்பதால், தமிழ் வாசகர்களுக்கு இது தள்ளிவைக்கக்கூடிய செய்தி அன்று.

இப்படிப்பட்டவர்களுக்கு ஆஞ்சியோகிராம் எடுப்பதால் பின்விளைவு மாறுகிறதா என்பதைச் சோதித்தது ஸ்காட்லாந்தில் நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வு. நெஞ்சுவலியுடன் மருத்துவமனைக்கு வந்த 4,146 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மறுபாதிக்கு அதோடு சி.டி. ஆஞ்சியோகிராமும். ஐந்து ஆண்டுகளில் இதய நோயால் மரணம் அல்லது மாரடைப்பு முதல் பிரிவில் 3.9 சதவீதம், சி.டி. பிரிவில் 2.3 சதவீதம். இரு பிரிவுகளிலும் ஸ்டென்ட், பைபாஸ் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வேறுபட்டது தடுப்பு மருந்து தொடங்கப்பட்டவர்களின் எண்ணிக்கை. சுவரிலுள்ள படிவைக் கண்ணால் கண்டதே சரியான நபருக்குச் சரியான மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். எனக்கும் அது பொருத்தமாகப் படுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,003 பேரிடம் நடந்த ப்ராமிஸ் ஆய்வு, சி.டி.யை டிரெட்மில் போன்ற செயல்பாட்டுப் பரிசோதனைகளோடு ஒப்பிட்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. ஆகவே தரமான செயல்பாட்டுப் பரிசோதனை எடுத்தவர் எதையோ இழந்துவிட்டதாகக் கருத வேண்டியதில்லை.

அறிகுறியே இல்லாதவருக்குக் கணக்கு வேறு. அவருக்குத் தெரிய வேண்டியது பெரும்பாலும் ஒன்றே: ஸ்டாட்டின் தொடங்க வேண்டுமா, வேண்டாமா. அதற்குச் சாய மருந்தில்லாத, ஏறத்தாழ 1 மில்லிசீவர்ட் கதிரில் முடியும் கால்சியம் ஸ்கோரே பெரும்பாலும் போதும். ஸ்வீடனில் 50 முதல் 64 வயது வரையிலான 25,000-க்கு மேற்பட்ட பொதுமக்களைப் பரிசோதித்த ஸ்காபிஸ் ஆய்வில் 42 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு படிவு இருந்தது. ஆனால் ஸ்கோர் பூஜ்யமானவர்களில் 50 சதவீதக் குறுகல் உள்ளவர் ஆயிரத்தில் நால்வர் மட்டுமே. அறிகுறியில்லாத 900 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்து 2014-இல் வெளியான ஃபாக்டர்-64 ஆய்வில், சி.டி. ஆஞ்சியோகிராம் மூலம் தேடிப் பார்த்தது இதய நிகழ்வுகளைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவரின் படத்தில் ஒரு 60 சதவீதம் தென்பட்டால், அதைத் தொடர்ந்து இன்னொரு பரிசோதனை, சில நேரம் தேவையில்லாத ஸ்டென்ட் என்று போவது உண்மையான இழப்பு. மாஸ்டர் ஹெல்த் செக்கப் தொகுப்பில் சலுகை விலையில் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் இதை எடுத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அறிகுறியில்லாமல் ஸ்கோர் 400-ஐத் தாண்டியவர்களும் அடுத்தது ஆஞ்சியோகிராம்தானா என்று கேட்பதுண்டு. அவர்களுக்கு முதல் வேலை தடுப்பு மருந்தை முழு அளவில் தொடங்குவது. ஆஞ்சியோகிராம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த முடிவு மாறாது. நடக்கும்போது மூச்சு வாங்குவதைக்கூட வயதின் மீது பழிபோட்டு அறிகுறி இல்லை என்பவர்கள் உண்டு என்பதால், அதை மட்டும் மருத்துவர் துருவிக் கேட்டறிய வேண்டும்.

நம் 46 வயதுக்காரர் இரண்டு ஆண்டுகள் கழித்து, ஸ்டாட்டின் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கால்சியம் ஸ்கோரை மீண்டும் எடுக்கலாமா என்று கேட்கிறார். எடுத்தால் பூஜ்யம் 20 ஆகவோ 30 ஆகவோ உயர்ந்திருக்க வாய்ப்புண்டு, ஏனென்றால் ஸ்டாட்டின் மென்படிவின் கொழுப்பைக் குறைத்து அதைச் சுண்ணாம்பு கலந்த கெட்டிப் படிவாக மாற்றுகிறது. மருந்து வேலை செய்வதாலேயே ஸ்கோர் ஏறிவிடும். அவருக்குப் பார்க்க வேண்டிய எண் எல்.டி.எல். கொலஸ்டிரால். மீண்டும் ஆஞ்சியோகிராம் தேவையா என்பதை அவருடைய நெஞ்சு இறுக்கம்தான் தீர்மானிக்கும். அது இப்போது படியேறும்போது வருவதில்லை என்றால், குறுகல் 59-ஆ 63-ஆ என்று அறிய இன்னொரு முறை சாய மருந்தும் கதிரும் வேண்டியதில்லை.